கறுப்புப் பட்டைக்கு வெளியே

அந்த பிஸ்கட் பாக்கெட்டை மதினி, என் அண்ணன் மனைவி, பிரிக்காமல் வைத்திருந்தார். எஸ்டேட்டில் இலவச மருத்துவ முகாம் என்று சொல்லி வரிசையில் நிற்க வைத்து ரத்தம் எடுத்த பிறகு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த பாக்கெட். மற்ற பெண்கள் ஜீப்பு மலை இறங்குவதற்குள் தின்று முடித்துவிட்டார்கள். மதினி மட்டும், வீட்டுக்கு யாராவது வந்தால் வைக்கலாம் என்று முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். வந்தது நான். எவர்சில்வர் தட்டில் ஆறு பிஸ்கட், ஒரு டம்ளர் கடுங்காப்பி. ஆறையும் தின்றேன். தின்றுகொண்டே, ஏதோ பொழுதுபோகாமல் கேட்பவனைப் போல, "என்ன மதினி, எஸ்டேட்டுல ரத்தமெல்லாம் எடுத்தாகளாமே?" என்றேன்.

"ஆமா கொழுந்தனாரே. சுகரு, பிரசரு பாக்கன்னாக. ஒரு நர்சம்மா என்னென்னமோ கேட்டு எழுதுச்சு. நல்ல பிள்ள. ஆத்தா, அக்கான்னு பேசுச்சு. முடிவு என்னன்னுதான் இன்னும் சொல்லக் காணோம்."

முடிவு என் சட்டைப் பையில் இருந்தது. நான்காக மடித்த இரண்டு தாள். அதில் அவர் பெயர், வயது, ஊர், போன் நம்பர், அவர் ரத்தத்தின் அளவு, அந்த நல்ல பிள்ளை கேட்டு எழுதிய பதில் எல்லாம் இருந்தன. பையைத் தொடாமல் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுவாக மதினி, சொல்லுவாக" என்று எழுந்து வந்தேன். இத்தனை வருடத்தில் நான் சொன்ன பொய்களுக்கு ஒரு வரிசை போட்டால், இதுதான் முதல் இடம். இத்தனைக்கும் அது பொய்கூட இல்லை. மூன்றாம் நாள் சொல்லத்தான் செய்தோம், மாவட்டம் முழுவதற்கும்.

நான் செய்தியாளன் என்று சொன்னால் போடிநாயக்கனூரில் சிரிப்பார்கள். எனக்குச் சோலி ஜெராக்ஸ் கடை. ஏலக்காய் ஏல மையத்துக்குப் போகிற வழியில், இரண்டு மெஷின், ஒரு பேப்பர் கட்டர், ஒரு சுழலாத மின்விசிறி. கூடவே மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். என் செய்திகள் பெரும்பாலும் மூன்று வகை: மலைப்பாதையில் ஜீப்பு கவிழ்ந்தது, தோட்டத்தில் யானை இறங்கியது, ஏலக்காய் விலை இறங்கியது. யானையைத் தவிர மற்ற இரண்டும் ஊருக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும். என் மனைவி சொல்வாள், "ஒங்க பேப்பரப் படிச்சா நேத்து என்ன பேசினோம்ன்னு ஞாபகம் வரும்." இந்த லட்சணத்தில் இருந்தவன் கைக்குத்தான் அந்த இரண்டு தாள் வந்து சேர்ந்தது. யார் கொடுத்தார்கள் என்று அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் நான் ஒழுங்காகக் காப்பாற்றியது அந்த ஒருவரை மட்டும்தான்.

தாளில் இருந்தது இதுதான். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் முடியாது, அடிக்கடி அடிக்க வேண்டும். அடித்த இடத்தில் சில நாள் ஆள் இறங்கக் கூடாது என்பது விதி. காய் முற்றி நிற்கும்போது அந்த விதியை யாரும் பார்ப்பதில்லை. காலையில் ஆண்கள் மருந்தடித்த பாத்தியில் மறுநாளே பெண்கள் உட்கார்ந்து காய் பறிப்பார்கள். அந்த மருந்து உடம்பில் சேரச் சேர, ரத்தத்தில் இருக்கவேண்டிய ஒரு சத்து குறையும். அதை அளக்கத் தனிச் சோதனை உண்டு. எஸ்டேட்காரர்கள் அந்தச் சோதனையைத்தான் செய்திருந்தார்கள். பெண்களிடம் சொன்னது சுகர் என்று. நாற்பத்தொரு பேர். பாதிக்குமேல் அளவு குறைந்திருந்தது. கடைசியில், அடியில், மேலாளர் கையெழுத்தோடு பேனாவால் எழுதிய இரண்டு வரி: முடிவுகளைத் தொழிலாளர்களிடம் தெரிவிக்க வேண்டாம், மருந்தடிப்பு அட்டவணையில் மாற்றம் இல்லை.

செய்தி அந்த இரண்டு வரிதான். இப்போது எழுதும்போது இது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! குற்றம் அந்த இரண்டு வரியில் இருந்தது. மேலே இருந்த நாற்பத்தொரு வரியில் குற்றம் செய்தவர் ஒருவர்கூட இல்லை. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார்கள். கேட்டார்கள், சொன்னார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

நான் அன்று ஒரு நிருபன் செய்யவேண்டியதை எல்லாம் செய்ததாகத்தான் நினைத்தேன். தாள் உண்மையா என்று பார்க்க வேண்டும் அல்லவா? சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் பெயர்களை மறைத்து அளவுகளை மட்டும் காட்டினேன். "இது வெளையாட்டில்ல" என்றார். முகாம் நடந்ததா என்று கேட்க மதினி வீட்டுக்குப் போனேன். அதுதான் அந்த பிஸ்கட். வெளியிடுவதற்கு முதல் நாள் எஸ்டேட் மேலாளரைக் கூப்பிட்டு, உங்கள் தரப்பு என்ன என்று மரியாதையாகக் கேட்டேன். "ஹெட் ஆபீசிலே சோதிச்சோளூ" என்று, அங்கே கேட்டுக்கொள்ளுங்கள் என்பதை மலையாளமும் தமிழும் கலந்து சொல்லி வைத்துவிட்டார். அதையும் செய்தியில் சேர்த்தேன், "கருத்துக் கூற மறுத்துவிட்டார்" என்று. குற்றம் செய்தவரிடம் கருத்துக் கேட்டோம். பெயர் இருந்த நாற்பத்தொரு பேரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வெளியே தெரிந்துவிடும், எதிர்ப் பேப்பர்காரன் முந்திவிடுவான் என்று பயம். ஊர்ப் பேச்சை முந்தத் தெரியாதவனுக்கு எதிர்ப் பேப்பரை முந்துகிற ஆசை.

மதுரை ஆபீசில் எங்கள் செய்தி ஆசிரியர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். அன்று மாலை போனில் எங்களுக்குள் நடந்ததை வரிக்கு வரி சொல்ல முடியும், அத்தனை முறை அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

"தாளோட படத்தை அனுப்புய்யா. பக்கத்துல பெரிசாப் போடுவோம்."

"அண்ணே, அதுல பொம்பளைக பேரு இருக்கு."

"பேர மறைச்சிட்டு அனுப்பு. படம் இல்லாம போட்டா நாளைக்கே எஸ்டேட்டுக்காரன் எல்லாம் கற்பனைன்னு சொல்லுவான். ஆதாரம் வேணாமா?"

"அடியில இருக்க ரெண்டு வரியை மட்டும் போட்டா போதாதாண்ணே?"

இதைக் கேட்டேன் என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல். பதில் அரைமணி கழித்து வந்தது. வக்கீலிடம் பேசியிருக்கிறார்கள். அந்த இரண்டு வரியில் மேலாளர் கையெழுத்து இருக்கிறது, மேலே எஸ்டேட் பெயரும் முத்திரையும் இருக்கின்றன. அதைப் போட்டால் அவதூறு வழக்கு வரும், உண்மை என்று நிரூபிக்கிற வேலை நம் தலையில் விழும், சோதனைக்கூடமோ வாயைத் திறக்காது. ஆகவே மேலேயும் கீழேயும் வெட்டிவிட வேண்டும். செய்தியில் 'மலையிலுள்ள தனியார் எஸ்டேட் ஒன்று' என்று மட்டும் வரலாம். நடுவில் இருக்கும் அட்டவணை போகட்டும், பெயரை மறைத்து.

அதாவது, தப்புச் செய்தவன் இருந்த மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் கத்தரியால் சுத்தமாக வெட்டப்படும். தப்பே செய்யாதவர்கள் இருந்த நடுப்பகுதி மாவட்டப் பக்கத்தின் தலையில் வரும். இது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. சொன்னால் நம்புவீர்களா, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைக்கிற வேலை என் கைக்கு வந்ததால். நான் ஜெராக்ஸ்காரன் அல்லவா! கம்ப்யூட்டரில் கறுப்புக் கட்டம் போட்டு அனுப்பினால் அதை யாராவது அழித்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். மார்க்கரால் அடித்தால் வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கலாம் என்பதும் தெரியும். அதனால் மார்க்கரால் அடித்து, அதை நகலெடுத்து, நகலின் மேல் மறுபடி அடித்து, அதை மறுபடி நகலெடுத்து அனுப்பினேன். பெயரும் போன் நம்பரும் தார் பூசின மாதிரி கறுப்பு. மத்திய அரசு ரகசியத்தைக்கூட இவ்வளவு நன்றாக மறைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சக் கட்டங்களை விட்டுவிட்டேன். வயது, வண்டி எண், ரத்த அளவு, நர்ஸ் எழுதிய குறிப்பு. குறிப்பு இல்லாவிட்டால் செய்திக்கு உயிர் இல்லை என்று செய்தி ஆசிரியர் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டேன். வெறும் நம்பரைப் பார்த்து யார் கண் கலங்குவார்கள்?

இங்கேதான் என் முட்டாள்தனத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மலைக்கு வேலைக்குப் போகிற பெண்ணை யாரும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதில்லை. வண்டி சொல்லித்தான் காட்டுவோம். சிலமலையிலிருந்து விடிகாலையில் புறப்படுகிற ஜீப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஆள் நிரந்தரம். ஏறும் இடம் நிரந்தரம். உட்காரும் இடம்கூட நிரந்தரம். டிரைவருக்குப் பக்கத்தில் மூத்தவர்கள், நடுவில் கைப்பிள்ளைக்காரிகள், பின்னால் இளசுகள். 'யாரு அந்தப் பிள்ளை?' என்றால், 'ரெண்டாம் வண்டி, பின்னாடி ஓரமா உக்காருமே' என்போம். ஒரு வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். முகாமில் வண்டி வண்டியாக இறக்கி, இறங்கின வரிசையிலேயே பெயர் எழுதியிருக்கிறார்கள். பட்டியலின் வரிசையே உட்காரும் வரிசை. இந்த ஊரில் பிறந்து, இந்த ஜீப்புகளுக்கு வழிவிட்டு ஒதுங்கியே பாதி ஆயுசைக் கழித்த நான், அந்தக் கட்டத்தைப் பார்த்தேன்; அதில் ஒரு எண் இருக்கிறது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. மதுரையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாததில் நியாயம் உண்டு. எனக்கு?

மறுநாள் காலை முதல் பஸ்சில் பேப்பர் கட்டு வந்து இறங்கியது. என் பெயர் போட்ட செய்தியைப் பார்க்க, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் சிலமலைக்குப் போனேன். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் ஒரு பேப்பரைச் சுற்றி நின்றார்கள். பாராட்டப் போகிறார்கள் என்றுதான் வண்டியை நிறுத்தினேன். காலேஜ் முடித்த ஒருவர் இங்கிலீஷ் குறிப்பை வாசித்துத் தமிழில் சொல்கிறார். இன்னொருவர் கையில் பால்பாயிண்ட் பேனா.

"மூணாம் வண்டி, முப்பத்தெட்டு வயசு... மூணாவதா இறங்கினது யாருப்பா?"

"அது நம்ம மில்லுக்காரரு மக இல்ல? அதுதான் டிரைவருக்குப் பின்னாடி."

"அப்ப இது அது. எழுது. அடுத்தது?"

"அடேயப்பா, இதுக்கு இப்படி ஒண்ணா? வெளிய தெரியாம வச்சிருக்கா பாரு."

நான் நகலுக்கு நகல் எடுத்துக் கறுப்பாக்கின பட்டைகளுக்குப் பக்கத்தில், வெள்ளை ஓரத்தில், நீல மையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புவதுபோல. ஒன்று நிரம்பினால் பக்கத்துக் கட்டம் தானாக நிரம்பியது. ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க மாப்ளே! நல்லாப் போட்டிருக்கீக. இந்த ஒம்பதாவது ஆளு மட்டும் யாருன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். அந்த விளையாட்டில் முதல் காய் நகர்த்தினவன் நான். பேப்பரைப் பிடுங்கினேன். "ஏன், கடையில வேற பேப்பரு இல்லையா?" என்று சிரித்தார்கள். இருந்தது. எல்லாக் கடையிலும் இருந்தது.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லையா என்றால், உண்டு. ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறோம், அதை விட்டுவிட்டு யாருக்குப் பிள்ளை தங்கவில்லை, யாருக்கு என்ன நோய் என்று பேனாவைத் தூக்குகிறார்களே என்று கொதித்தது. அடுத்த வீட்டுப் பெண்ணின் உடம்பைப் பற்றிய ஒரு வரி கிடைத்தால் நம் ஊர் ஆண்களுக்கு வருகிற படிப்பார்வம் வேறு எதற்கும் வருவதில்லை. ஆனால் அந்த வரியை அச்சடித்து, படம் போட்டு, காலை டீயோடு கையில் கொடுத்தது யார்?

அடுத்து நடந்தது இன்னும் அசிங்கம். எஸ்டேட்டிலிருந்து பேப்பருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. என்ன என்று நினைக்கிறீர்கள்? செய்தி பொய் என்று அல்ல. 'எங்கள் தொழிலாளர்களின் அந்தரங்க மருத்துவ விவரங்களை வெளியிட்டு அவர்களுடைய மானத்துக்குக் கேடு விளைவித்துவிட்டீர்கள்' என்று! அந்தப் பெண்களிடம் பொய் சொல்லி ரத்தம் எடுத்து, முடிவை மறைத்து, மறுநாளும் மருந்தடித்த பாத்தியில் உட்கார வைத்தவர்கள் அவர்களுடைய மானத்துக்குக் காவலாக வந்து நின்றார்கள். நிற்க இடம் கொடுத்தவர்கள் நாங்கள். நாங்கள் அந்த அட்டவணையைப் போடாமல் இருந்திருந்தால் அவர்கள் அந்த இரண்டு வரிக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஊர் முழுக்கப் பேச்சு பட்டியலைப் பற்றி. விஷத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கூடவே, பட்டியலை வெளியே கொடுத்தது இந்தப் பெண்களில் ஒருத்திதான் என்று சொல்லி, மூணாம் வண்டியை வரவேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டார்கள். காய்ப் பறிப்பு உச்சத்தில் இருந்த நேரம். மற்ற ஜீப்புகள் அடிவாரத்து முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி மலை ஏறப் போய்விட, பத்துப் பெண்கள் சாலையோரத்தில் தூக்குவாளியோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதில் மதினியும் ஒருவர்; நிருபரின் சொந்தம் ஏறுகிற வண்டி என்பதுதான் எஸ்டேட்டின் சந்தேகம்.

செய்தி வந்த நான்காம் நாள் மதினி கடைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். மனசுக்குள் இரண்டு மூன்று ஜோக்குகள்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன், அது என் வியாதி. அவர் பேப்பரிலிருந்து வெட்டின அந்தப் படத்தை மெஷின் கண்ணாடிமேல் வைத்தார்.

"ஒரு நகல் எடுங்க, சார்."

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, 'கொழுந்தனாரே' என்று நீட்டி முழக்கிக் கேலி பண்ணுகிற வாய் அது.

"மதினி, நான் ஒங்க பேரை மறைச்சுத்தான்..."

"பேரை மறைச்சீக. என்னைய மறைச்சீகளா?"

அவருடைய வரியில் நர்ஸ் எழுதியிருந்த குறிப்பு என்ன என்று இங்கே சொல்லப் போவதில்லை. அவர் உடம்பு சம்பந்தப்பட்டது. யாரிடமும் சொல்லாமல் பல வருடம் தனக்குள் வைத்திருந்தது. என் அண்ணனிடம், அதாவது தன் புருஷனிடமும், பெற்ற தாயிடமும்கூடச் சொல்லாதது. 'ஆத்தா, அக்கா' என்று பேசிய ஒரு பெண்ணிடம், மருந்து கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒரே ஒரு தடவை சொன்னது. அண்ணன் அதை டீக்கடையில் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு வந்தீகளே, காப்பி குடிச்சீகளே, அப்ப அந்தத் தாளு எங்க இருந்துச்சு?"

நான் என் சட்டைப் பையைப் பார்த்தேன்.

"அப்பவே எங்கிட்டக் காட்டிருந்தா, மத்ததெல்லாம் போடு, இதை மட்டும் எடுத்துருன்னு சொல்லிருப்பேன். ஒத்த வார்த்தை. மருந்து அடிக்கிறதச் சொல்ல வேணாம்னா சொல்லுவேன்? எங்க கண்ணு எரியிறது எங்களுக்குத் தெரியாதா? அதச் சொல்ல ஒங்களுக்கு எங்க வயித்தையும் சேத்துத் தொறந்து காட்டணுமாக்கும்?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் கூரையைப் பார்த்தார்கள். நான் நகல் எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக் கிழித்து என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார்.

செய்தி ஆசிரியருக்கு விஷயம் புரிந்தபோது நிஜமாகவே வருந்தினார். "வருத்தம் தெரிவிச்சு ஒரு பெட்டிச் செய்தி போட்டுருவோம்" என்றார். அதை மதினியிடம் சொல்லப் போனேன். வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "மன்னிப்புன்னு போட்டா, என்னத்துக்கு மன்னிப்புன்னு பாதிப் பேரு பழைய பேப்பரத் தேடி எடுப்பாக. மறந்தவுகளுக்கும் ஞாபகம் வரும். ஒங்க மனசு ஆறுறதுக்கு எங்களை ரெண்டாவது வாட்டியும் போடணுமா?" எந்தப் பத்திரிகைக் கல்லூரியிலும் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது, நான் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. பெட்டிச் செய்தி போடவில்லை.

இணையத்தில் இருந்த பக்கத்தையாவது எடுங்கள் என்று கேட்டேன். "அச்சான பக்கம் ஆவணம்யா, அதை மாத்தினா நாளைக்கு மந்திரியும் வந்து தன்னோட செய்தியை எடுக்கச் சொல்லுவான்" என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. மந்திரியின் வரலாறு ஊர்ச் சொத்துதான். மூணாம் வண்டியில் போகிற ஒரு பெண்ணின் உடம்பு எப்படி வரலாறாகும் என்று கேட்டு எழுதினேன். போனில் கேட்டேன். மதுரைக்குப் பஸ்சேறிப் போய் வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்டேன். செய்தியை அப்படியே வைத்துக்கொண்டு படத்தை மட்டும் எடுக்கச் சொல்லி மன்றாடினேன். கடைசியில் எடுத்தார்கள், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. அதற்குள் அது எத்தனை போனில் ஏறியிருந்தது என்று யார் கணக்கு எடுப்பது? அந்த வண்டிப் பெண் ஒருத்திக்கு மாப்பிள்ளை வீடு பேசும்போது அந்தப் படம் எங்கிருந்தோ வந்து நின்றது.

நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. தாளை நகலெடுத்து, என் பேப்பர் கட்டரில் வரிவரியாக வெட்டினேன். நாற்பத்தொரு துண்டு. ஒவ்வொன்றையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, அந்தந்தப் பெண் கையில், அவர் வீட்டில், அவர் தனியாக இருக்கும்போது கொடுத்தேன். ஒருவர் துண்டை இன்னொருவர் பார்க்கவில்லை. இது உங்கள் ரத்தம், இதன் அர்த்தம் இது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொன்னேன். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் என் முகத்திலேயே கதவைச் சாத்தினார்கள். ஒரு மூதாட்டி, "இதை மொதல்ல கொண்டாந்திருக்கலாம்ல அப்பு" என்றார். சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர்கள் முழுப் பட்டியலைக் கேட்டார்கள், தரவில்லை. விருப்பப்பட்டவர்கள் தங்கள் துண்டோடு உங்களிடம் வருவார்கள் என்றேன். அதிகாரி முறைத்தார். சிலர் வந்தார்கள். மறுபடி சோதித்தார்கள். அதற்குப் பிறகு மருந்தடித்த பாத்தியில் எஸ்டேட்டில் சிவப்புத் துணி கட்ட ஆரம்பித்தார்கள். துணி இருக்கும்வரை யாரும் இறங்குவதில்லை. மூணாம் வண்டியையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்கள் பேப்பர் அதைத் தன் வெற்றி என்று போட்டது. ஆண்டுக் கூட்டத்தில் எனக்கு ஒரு கேடயம் கூடக் கொடுத்தார்கள். அதில் என் பெயர் தப்பாக அடித்திருந்தது. அந்த ஒரு பிழைக்கு மட்டும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

துண்டைக் கொடுக்கப் போனபோது மதினி கையை நீட்டி வாங்கினார். படித்தார். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "என் அளவு இம்புட்டுத்தான் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்குத் தெரியுது" என்றார். அண்ணன் மறுபடி பேச எத்தனை நாள் ஆனது என்பது அவர்கள் வீட்டு விஷயம்.

இதை எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பவில்லை. எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை தாள் கையில் இருந்தது, பையில் இல்லை. வாசலில் நின்றபடி, "ஒங்களைப் பத்தி எழுதிருக்கேன். வேணாம்னா இங்கேயே கிழிச்சுப் போடுறேன்" என்றேன். உள்ளே கூப்பிட்டார். நான் வாசிக்க வாசிக்க, முறத்தில் பயறு புடைத்துக்கொண்டே கேட்டார். நான்கு இடத்தில் நிறுத்தினார். "ஊரை மாத்துங்க." மாற்றினேன், அவர் இருப்பது சிலமலை அல்ல. "வண்டியை மாத்துங்க." அது மூணாம் வண்டி அல்ல. இன்னும் இரண்டு இடத்தை வெட்டச் சொன்னார். அவை எவை என்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். டீக்கடையில் கூடுகிறவர்கள் பேனாவை மூடி வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"எஸ்டேட்டு பேரு எங்க?"

"வக்கீலு வேணாம்னுட்டாரு மதினி. இன்னைக்கும் வழக்குப் போடுவாகளாம்."

கீழே வைத்த முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அப்ப இதுலயும் நாந்தான் இருக்கேன். அவுக இல்ல."

இப்போது சொன்ன அந்த வரியையும் கடைசியில் எழுதிக்கொண்டு, இதை வெட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது இருக்கட்டும் என்றார்.